நெஞ்சுக்கறி எப்போது குழம்பில் இறங்க வேண்டும்?

குழம்புக்குள்ளேயே மூழ்கிக் கிடக்கும் கறி எப்படி வறண்டு போகும்? ஒரே சட்டியில், ஒரே மசாலாவில், ஒரே நேரம் வெந்த துண்டுகள்தான். தொடைக்கறி எலும்பை விட்டு வழுக்கிக்கொண்டு வருகிறது. நெஞ்சுக்கறியோ சக்கையாகி, நார் நாராகப் பிரிந்து தொண்டையை அடைக்கிறது. தண்ணீரைக் கொஞ்சம் கூட்டி வைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். ஆகாது. சட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்பதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. கறிக்குள் இருந்த தண்ணீர் வெளியேறிவிட்டது, அவ்வளவுதான்.

பச்சைக்கறியின் எடையில் ஏறக்குறைய முக்கால் பங்கு தண்ணீர். தசை இழைகளில் உள்ள புரதங்கள் அதைப் பிடித்து வைத்திருக்கின்றன. கறியின் உட்சூடு 50 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது அந்தப் புரதங்கள் ஒவ்வொன்றாக இறுகத் தொடங்கும். 65 டிகிரிக்கு மேல் இறுக்கம் வேகமாகக் கூடும். இழைகள் சுருங்கி, ஈரத்துணியை முறுக்கிப் பிழிவது போலச் சாற்றை வெளியே தள்ளிவிடும். இப்படி வெளியேறிய சாறு குழம்போடு கலந்துவிடுகிறது. இறுகிப்போன கறி அதைத் திரும்ப உள்ளே இழுத்துக்கொள்ளாது.

தொடைக்கறியும் இதே போலத் தண்ணீரை இழக்கத்தான் செய்கிறது. ஆனால் அதனிடம் ஈடுகட்ட வேறு சரக்கு இருக்கிறது. கோழி நாள் முழுக்க நிற்பதும் நடப்பதும் கிளறுவதும் காலால்தான். ஓயாமல் உழைக்கும் அந்தத் தசைக்கு ஆக்சிஜனைச் சேர்த்துவைக்கும் சிவப்பு நிறமி அதிகம் வேண்டும். தொடைக்கறி கருஞ்சிவப்பாக இருப்பது அதனால்தான். எரிபொருளாகக் கொழுப்பும் இழைகளுக்கு நடுவே இருக்கும். தசைக்கட்டுகளைச் சுற்றி உறையாகவும் எலும்போடு இணைக்கும் நாணாகவும் கொலாஜன் என்ற புரதம் நிறைய உண்டு. இந்தக் கொலாஜன் 70 டிகிரிக்கு மேல் நேரம் கொடுத்தால் மெல்லக் கரைந்து, ஆட்டுக்கால் பாயாவில் விரலில் ஒட்டுமே, அந்தப் பசையாக மாறும். இழைகள் சுருங்கினாலும் அவற்றுக்கு இடையே இந்தப் பசையும் கொழுப்பும் நிற்பதால் வாயில் ஈரமாகவே தெரிகிறது. நெஞ்சுத்தசை இறக்கையை அடிப்பதற்கானது. பிராய்லர் கோழி பறப்பதே இல்லை. அந்தத் தசையில் கொழுப்பும் குறைவு, கொலாஜனும் குறைவு. தண்ணீர் போய்விட்டால் ஈடுகட்ட ஒன்றுமில்லை.

ஆகவே நெஞ்சுக்கு நடுப்பகுதி 74 டிகிரியை எட்டினால் போதும்; கிருமி பயமின்றிச் சாப்பிடலாம், சாறும் பெருமளவு தங்கியிருக்கும். தொடைக்கு 74 டிகிரி போதாது. வெந்திருக்கும், ஆனால் ரப்பர் போல இழுக்கும். அது 80 முதல் 90 டிகிரி வரை ஏறி அங்கே கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். கொதிக்கும் குழம்போ கிட்டத்தட்ட 100 டிகிரியில் இருக்கிறது. அதில் கிடக்கும் நெஞ்சுத்துண்டு சரியான பதத்தைச் சில நிமிடங்களிலேயே கடந்துபோய்விடும். இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஒன்றாக இறக்கினால் ஏதோ ஒன்று கெடும். வழக்கமாகக் கெடுவது நெஞ்சு. இரண்டையும் வெவ்வேறு நேரத்தில் போடுவதைத் தவிர வேறு வழி எனக்குத் தெரியவில்லை. நம் குழம்பில் அதற்கு இயல்பாகவே ஒரு இடம் இருக்கிறது: தேங்காய் விழுது ஊற்றும் நேரம்.

ஒரு கிலோ பிராய்லர் கோழியை எடுத்துக்கொள்வோம். கடையிலேயே நெஞ்சைத் தனியாக வாங்கிக்கொள்ளுங்கள். அதை இரண்டு அங்குலத் துண்டுகளாக, எலும்போடு வெட்டச் சொல்லுங்கள். பொடிப்பொடியாக நறுக்கினால் கண்மூடித் திறப்பதற்குள் வெந்து இறுகிவிடும். அந்தத் துண்டுகளில் அரை டீஸ்பூன் உப்பும் கொஞ்சம் மஞ்சளும் மிளகாய்த்தூளும் பிசறி, முக்கால் மணி நேரம் ஃபிரிட்ஜில் வையுங்கள். உப்பு ருசிக்காக மட்டுமல்ல. அது உள்ளே இறங்கி, புரதத்தின் ஒரு பகுதியைத் தளர்த்திவிடுவதால் வேகும்போது தண்ணீர் குறைவாகவே வெளியேறும்.

பட்டை, சோம்பு தாளித்து, சின்ன வெங்காயம், இஞ்சி பூண்டு விழுது, தக்காளி, மசாலாத்தூள் என்று வழக்கம் போல வதக்கியபின் தொடை, கால், இறக்கை, கழுத்து, முதுகுத் துண்டுகளை மட்டும் போடுங்கள். ஐந்து நிமிடம் வதக்கி, ஒன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு, மூடி, சிறு தீயில் இருபது நிமிடம் விடுங்கள். பிறகு தேங்காய் விழுதைக் கரைத்து ஊற்றுங்கள். கொதி வந்ததும் நெஞ்சுத்துண்டுகள் உள்ளே போகட்டும். குளிர்ந்த கறி விழுந்தால் கொதி அடங்கும். மறுபடி கொதி எழும் நொடியிலிருந்துதான் கணக்கு: தீயைக் குறைத்து எட்டு முதல் பத்து நிமிடம். எலும்பில்லாத ஒரு அங்குலத் துண்டென்றால் ஐந்தாறு நிமிடம் போதும். அடுப்பை அணைத்து, மூடியபடி ஐந்து நிமிடம் விடுங்கள். குழம்பின் சூட்டில் கறி இன்னும் வேகும் என்பதால் அந்த நேரமும் கணக்கில் சேரும். இதற்குள் தொடைக்கு நாற்பது நிமிடம் போல ஆகியிருக்கும்.

பதம் பார்க்க, இருப்பதிலேயே பருமனான நெஞ்சுத்துண்டை எடுத்துப் பிட்டுப் பாருங்கள். நடுவில் இளஞ்சிவப்பு மறைந்து, வெட்டுமுகம் ஈரமாகப் பளபளக்க வேண்டும். கண்ணாடி போல ஒரு இடம் தெரிந்தால் இன்னும் இரண்டு நிமிடம் வேண்டும். வெட்டுமுகம் மங்கி, தொட்டதும் இழை இழையாகப் பிரிந்தால் நேரம் தாண்டிவிட்டது. கறியில் குத்திப் பார்க்கும் டிஜிட்டல் தெர்மாமீட்டர் இருந்தால் ஊகத்துக்கே வேலையில்லை. தொடைக்கு அடையாளம் காலெலும்பின் நுனி: கறி மேலே ஏறி எலும்பு வெளியே தெரியும், இலேசாக இழுத்தால் கழன்று வரும். எலும்பை ஒட்டிச் சிவப்பாகத் தெரிந்தாலே வேகவில்லை என்று முடிவு கட்ட வேண்டாம். இளம் பிராய்லர் கோழியின் எலும்பிலிருந்து மஜ்ஜையின் நிறம் கசிவது உண்டு.

“கடைசியில் போட்டால் மசாலா கறிக்குள் இறங்காதே” என்று கேட்பார்கள். நியாயமான சந்தேகம்தான். ஆனால் எவ்வளவு நேரம் கொதித்தாலும் கறிக்குள் ஆழமாகப் போவது உப்புதான்; மிளகாய், மல்லி, பட்டை வாசமெல்லாம் பெரும்பாலும் மேற்பரப்பிலேயே நிற்கும். உப்பை முன்கூட்டியே பிசறிவிட்டதால் நெஞ்சுக்கு எந்தக் குறையும் வராது.

இந்தக் கணக்கு பிராய்லருக்கு மட்டுமே. அது ஆறு வார வயதை ஒட்டி வெட்டப்படும் குஞ்சு. அதன் கொலாஜன் இளசு. வயதேறிய நாட்டுக்கோழியில் கொலாஜன் முறுக்கேறி, கரைய ஒரு மணி நேரத்துக்கு மேல் கூட எடுக்கும். குக்கரில் வைப்பவர்கள் தொடை, கால் துண்டுகளை மட்டும் விசில் விட்டு, ஆவி அடங்கித் திறந்தபின் நெஞ்சைப் போட்டுக் கொதிக்கவிடலாம். விசில் வரும்போது குக்கருக்குள் 120 டிகிரி வரை சூடு ஏறும். அதை நெஞ்சுக்கறி தாங்காது.

மறுநாளுக்கு எடுத்து வைக்கும் குழம்பில் இன்னொரு சிக்கல் உண்டு. காலையில் மறுபடி கொதிக்கவைக்கும்போது, அளவாக வெந்த நெஞ்சும் சக்கையாகிவிடும். அதனால் நெஞ்சுத்துண்டுகளை முதல் நாளே பரிமாறித் தீர்த்துவிடுங்கள். தொடையும் காலும் மறுநாளுக்கு இருக்கட்டும்.