படிவத்திலிருந்து பத்திக்கு: ஆம்பூர்த் தோல் ஆலை விபத்துக் கோப்பை முன்வைத்து வினையெச்சப் பயன்பாடு

முன்னுரை

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, இராணிப்பேட்டை ஆகிய ஊர்களைக் கொண்ட தோல் தொழிற்பகுதியில் ஓர் ஆலை விபத்து முதலில் படிவமாகவே பதிவாகிறது. படிவத்தில் புலங்களும் அவற்றிற்குரிய மதிப்புகளும் மட்டுமே உள்ளன. இழப்பீட்டுக் கோப்பில் அவை தொடர் பத்தியாக மாற்றப்படுகின்றன. இம்மாற்றத்தில் படிவம் சொல்லாத வினைமுதல் ஒன்று வினையெச்சத்தின் வழியே நுழைவதை இக்கட்டுரை விளக்குகிறது.

மாதிரிப் படிவம்

விளக்கத்திற்காகப் பின்வரும் மாதிரி அமைக்கப்பட்டுள்ளது.

பணியிடம்: ஆம்பூர்
வசிப்பிடம்: பேரணாம்பட்டு
பணி: சதை நீக்கும் இயந்திரத்தில் தோல் செலுத்துதல்
விபத்து நேரம்: முற்பகல் 10.40
காயம்: வலக்கை, இரு விரல்கள்
காப்புத் தடுப்பு: அகற்றப்பட்டிருந்தது
கையுறை: (நிரப்பப்படவில்லை)

சதை நீக்கும் இயந்திரத்தில் கத்திகள் பொருத்திய உருளை சுழன்று தோலின் உட்புறச் சதையைச் சீவுகிறது. கை உருளையை அணுகாதவாறு தடுப்பதே காப்புத் தடுப்பு.

இப்படிவத்தைச் சுருக்கமாக எழுத முனைபவர் பெரும்பாலும் இவ்வாறு எழுதுவார்: “பேரணாம்பட்டைச் சேர்ந்த தொழிலாளி ஆம்பூர் ஆலையில் காப்புத் தடுப்பை அகற்றிவிட்டு, கையுறை அணியாமல் வேலை செய்தபோது முற்பகல் 10.40 மணிக்கு வலக்கையின் இரு விரல்களில் காயமடைந்தார்.” நடை சீராக உள்ளது, ஊர்ப்பெயர்கள் உரிய வடிவில் அமைந்துள்ளன. ஆயினும் இரண்டு செய்திகள் படிவத்தில் இல்லாதவை.

வினையெச்சமும் வினைமுதலும்

‘செய்து’ முதலிய எச்சங்கள் தம் வினைமுதலின் வினைகொண்டே முடியும் என்பது தொல்காப்பிய வினையியல் கூறும் விதி. ‘மழை பெய்து நெல் விளைந்தது’ போன்ற தொடர்களில் வினைமுதல் வேறுபடினும், அங்கு இரு வினைமுதல்களும் வெளிப்படையாக நிற்கின்றன. மேற்கண்ட பத்தியிலோ ‘அகற்றிவிட்டு’ என்பதற்குத் தனி வினைமுதல் இல்லை. எனவே தடுப்பை அகற்றியவர் தொழிலாளியே என்று படிப்பவர் கொள்வார். படிவத்தின் ‘அகற்றப்பட்டிருந்தது’ என்னும் செயப்பாட்டு வடிவம் அகற்றியவர் யார் என்பதைச் சொல்லவில்லை. பழுது பார்த்தவரோ, முந்தைய முறைப்பணியாளரோ அகற்றியிருக்கலாம்.

இவ்வேறுபாடு சட்டத்தில் எடை பெறுகிறது. 1923ஆம் ஆண்டு இழப்பீட்டுச் சட்டத்தின் 3ஆம் பிரிவு, தனக்கெனப் பொருத்தப்பட்டது என்று அறிந்த காப்புச் சாதனத்தைத் தொழிலாளி வேண்டுமென்றே அகற்றியதால் விபத்து நேர்ந்திருப்பின், முதலாளிக்கு இழப்பீட்டுப் பொறுப்பில்லை என விலக்களித்தது. மரணமும் நிரந்தர முழு ஊனமும் இவ்விலக்கில் அடங்கா. 2020ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இத்தகைய விலக்கு உள்ளது. இரு விரல் காயம் விலக்கின் வரம்புக்குள் வரக்கூடியது. ஆகவே ‘அகற்றிவிட்டு’ என்னும் ஒரு சொல், விசாரிக்கப்படாத ஒரு குற்றச்சாட்டைத் தொழிலாளிமீது ஏற்றிவிடுகிறது.

நிரப்பப்படாத புலம்

‘கையுறை அணியாமல்’ என்பது இரண்டாவது பிழை. நிரப்பப்படாத புலம், எழுதியவர் அதை நிரப்பவில்லை என்பதை மட்டுமே காட்டும். அதை எதிர்மறை வினையெச்சமாக்கினால், பதிவின் இன்மை செயலின் இன்மையாகிவிடுகிறது. ‘இல்லை’ என்று எழுதப்பட்டிருந்தாலும், கையுறை வழங்கப்படவில்லையா, வழங்கியும் அணியப்படவில்லையா என்பது புலத்தின் தலைப்பைப் பொறுத்தே முடிவாகும்.

திருத்திய பத்தி

“பேரணாம்பட்டைச் சேர்ந்த தொழிலாளி, ஆம்பூர் ஆலையில் சதை நீக்கும் இயந்திரத்தில் தோல் செலுத்தும் பணியில் இருந்தார். முற்பகல் 10.40 மணிக்கு அவருடைய வலக்கையின் இரு விரல்களில் காயம் ஏற்பட்டது. இயந்திரத்தின் காப்புத் தடுப்பு அகற்றப்பட்டிருந்தது எனப் படிவம் குறிக்கிறது. அகற்றியவர் யார் என்பது அதில் இல்லை. கையுறை பற்றிய புலம் நிரப்பப்படவில்லை.”

இங்குத் தடுப்பு தனித்தொடரின் எழுவாயாக நிற்கிறது. ‘எனப் படிவம் குறிக்கிறது’ என்பது கூற்றின் மூலத்தைக் காட்டுகிறது. பின்னர் நடக்கும் விசாரணையில் அகற்றியவர் தெரியவந்தால், அது ‘விசாரணையில் தெரியவந்தது’ எனத் தனியே சேர்க்கப்பட வேண்டும். படிவச் செய்தியோடு கலக்கலாகாது.

சரிபார்ப்பு முறை

பத்தியை மீண்டும் புலங்களாகப் பிரித்துப் பார்ப்பது எளிய சோதனை. ஒவ்வொரு வினைக்கும் ‘யார்’ என்று கேட்டு, விடையைப் படிவத்தில் தேட வேண்டும். முதற்பத்தியில் ‘அகற்றியவர்: தொழிலாளி’ என்னும் புலம் பிறக்கிறது; மூலத்தில் அது இல்லை. திருத்திய பத்தியில் அவ்வாறு மிகுவது எதுவுமில்லை. எனினும் இச்சோதனை சேர்க்கையையும் விடுபாட்டையும் மட்டுமே காட்டும். படிவத்திலேயே தவறாக எழுதப்பட்டதை அது காட்டாது.

முடிவுரை

தொடர்களை இணைத்துச் சுருக்குவது பத்திக்கு ஓட்டம் தரும். ஆனால் வினைமுதல் குறிக்கப்படாத புலத்தை வினையெச்சத்தால் இணைத்தால், அது அருகிலுள்ள எழுவாயைத் தன் வினைமுதலாக்கிக்கொள்ளும். அத்தகைய புலங்களைத் தனித்தொடராக, செயப்பாட்டு வடிவிலேயே நிறுத்துவது கோப்பின் நம்பகத்தன்மையைக் காக்கும்.