ஐந்து வீடுகள், ஒரு கோடு

வீட்டு புரோக்கரிடம் போய், 1,100 சதுர அடி வீடு என்ன விலைக்குப் போகும் என்று கேட்டுப் பாருங்கள். "சதுர அடி ஐயாயிரம் போகுது சார், ஐம்பத்தஞ்சு லட்சம் வரும்" என்பார். பல வருடங்களாகப் பார்த்த விற்பனைகள் அவர் மனதில் அந்த ஒரே எண்ணாகத் திரண்டிருக்கின்றன. பழைய விற்பனைகளிலிருந்து அப்படியோர் எண்ணைக் கணக்குப் போட்டு எடுப்பதுதான் லீனியர் ரெக்ரெஷன். கணினிக்குக் கற்றுக்கொடுக்கும் முறைகளில் மிக எளியது இது.

கணக்குக்காக ஒரே தெருவில் ஐந்து வீடுகள் விற்றதாக வைத்துக்கொள்வோம். 600 சதுர அடி வீடு 32 லட்சம், 800 அடி 38 லட்சம், 1,000 அடி 52 லட்சம், 1,200 அடி 58 லட்சம், 1,400 அடி 70 லட்சம். வரைபடத் தாளில் அளவைப் படுக்கையாகவும் விலையை நெடுக்காகவும் குறித்தால், ஐந்து புள்ளிகள் சரிவாக மேலேறும். ஒரே நேர்கோட்டில் அவை உட்காரவில்லை. ஆனாலும் அவற்றினூடே ஒரு கோடு போகலாம் என்று கண்ணுக்குத் தெரிகிறது. எந்தக் கோடு?

முதலில் புரோக்கரின் கோட்டையே போட்டுப் பார்ப்போம். சதுர அடிக்கு 5,000 என்றால் 600 அடி வீட்டுக்கு 30 லட்சம் வருகிறது. விற்றது 32. பிழை 2 லட்சம். அடுத்த வீட்டுக்கு 40 வருகிறது, விற்றதோ 38. இங்கே பிழை 2 லட்சம்தான், ஆனால் எதிர்ப்பக்கம். இரண்டையும் அப்படியே கூட்டினால் பூஜ்யமாகி, பிழையே இல்லாதது போலத் தோன்றும். அதனால் ஒவ்வொரு பிழையையும் வர்க்கமாக்கிக் கூட்டுகிறோம். வர்க்கமாக்கினால் கழித்தல் குறி போய்விடும். பெரிய பிழைக்குத் தண்டனையும் பெரிதாகும். புரோக்கரின் கோட்டுக்கு இந்தக் கூட்டுத்தொகை 16. சதுர அடிக்கு 4,000 என்று வைத்தால் 540, 6,000 என்றால் 572.

ஆக, கற்றல் என்று இங்கே சொல்வது இந்தக் கூட்டுத்தொகையை இயன்ற மட்டும் குறைக்கும் கோட்டைத் தேடிப் பிடிப்பதைத்தான். இதற்கு மீச்சிறு வர்க்க முறை என்று பெயர். வால்மீன்களின் பாதையைக் கணிப்பது பற்றிய நூலில் பிரெஞ்சுக் கணித அறிஞர் லெஜாந்தர் 1805இல் இதை வெளியிட்டார்.

நம் ஐந்து வீடுகளின் சராசரி அளவு 1,000 அடி, சராசரி விலை 50 லட்சம். சிறந்த கோடு எப்போதும் இந்தச் சராசரிப் புள்ளி வழியாகத்தான் போகும். மிச்சம் இருப்பது சாய்வு. ஒவ்வொரு வீடும் சராசரி அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது, சராசரி விலையிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது என்று பார்த்து, இரண்டையும் பெருக்கிக் கூட்டினால் 19,200. அளவின் விலகலை மட்டும் வர்க்கமாக்கிக் கூட்டினால் 4,00,000. முதலதை இரண்டாவதால் வகுத்தால் 0.048 லட்சம், அதாவது சதுர அடிக்கு 4,800 ரூபாய். கோடு சராசரிப் புள்ளியைத் தொட வேண்டுமானால் அதனோடு 2 லட்சம் சேர்க்க வேண்டும்.

விலை = 4,800 × அளவு + 2,00,000

பிழை வர்க்கங்களின் கூட்டுத்தொகை இப்போது 14.4. இதைவிடக் குறைவாக எந்த நேர்கோடும் தராது. 1,100 அடி வீட்டுக்கு இது 54.8 லட்சம் சொல்கிறது; புரோக்கர் சொன்னதற்கு வெகு அருகில். அந்த 2 லட்சத்துக்குத் தனியாகப் பொருள் தேடாதீர்கள். பூஜ்யம் அடியில் வீடு கிடையாது. கோட்டை உரிய இடத்தில் நிறுத்தும் எண் அது, அவ்வளவுதான்.

இந்த முறையின் பலவீனமும் வர்க்கத்திலேயே இருக்கிறது. 1,400 அடி வீடு மெயின் ரோட்டு முனையில் இருந்ததால் 120 லட்சத்துக்குப் போனது என்று மாற்றிக் கணக்கிடுங்கள். சாய்வு 9,800 ஆகிவிடும். 2 லட்சம் சேர்ப்பதற்குப் பதில் 38 லட்சம் கழிக்க வேண்டிவரும். 58 லட்சத்துக்கு விற்ற வீட்டை இந்தப் புதுக் கோடு 79.6 லட்சம் என்கிறது. 300 அடி வீட்டுக்கு விலையே கழித்தல் குறியில் வருகிறது! ஒரே ஒரு வீடு கோட்டை மொத்தமாகத் தன் பக்கம் இழுத்துவிட்டது.

இதைக் கண்டுபிடிக்க, சூத்திரத்தை நம்பி விட்டுவிடாமல் ஒவ்வொரு வீட்டின் பிழையையும் எழுதிப் பாருங்கள். முதல் கோட்டில் பிழைகள் மேலும் கீழுமாகச் சிறிது சிறிதாகக் கிடந்தன. இரண்டாவதில் முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் கோடு குறைத்துச் சொல்கிறது, நடு வீடுகளுக்குக் கூட்டிச் சொல்கிறது. பிழைகள் இப்படி ஓர் ஒழுங்கில் வந்தால், விலையை அளவு மட்டும் தீர்மானிக்கவில்லை, அல்லது உறவு நேர்கோடே இல்லை என்று அர்த்தம்.

உங்கள் தெரு வீடுகளை வைத்து இதைச் செய்வதானால், முதலில் ஒன்றை முடிவு செய்துகொள்ளுங்கள்: எழுதப்போவது பத்திரத்தில் காட்டிய விலையா, உண்மையில் கைமாறிய விலையா? எதைக் கொடுக்கிறீர்களோ, அதைத்தான் கோடு கற்கும்.