மொத்தம் சரி, பட்டியல் தப்பு

ஒரு கிராமத்துப் பால் சங்கத்துக்குக் கணக்கு மென்பொருள் எழுதிக் கொடுத்திருந்தேன். பதினைந்து நாளைக்கு ஒரு தரம் பட்டுவாடா. அன்று பணம் வாங்குகிறவர்கள் 47 பேர். திரையில் பக்கத்துக்கு 20 பெயராக, மூன்று பக்கத்தில் பட்டியல் வரும். சங்கத்தில் கணக்குப் பார்க்கும் அக்கா அந்தப் பக்கங்களை அச்செடுத்து, தன் கைப்பதிவேட்டோடு ஒவ்வொரு பெயராகப் பென்சிலில் டிக் போட்டுச் சரிபார்ப்பார்.

ஒரு பட்டுவாடா நாளில் போன் வந்தது. "தம்பி, கீழே மொத்தம் சரியா இருக்கு. வரியை எண்ணினாலும் நாற்பத்தேழுதான். ஆனா ஒவ்வொண்ணா கூட்டிப் பாத்தா தொகை ஒத்து வரல. கொஞ்சம் வந்து பாருங்க."

போய்ப் பார்த்தேன். பதிவேட்டில் ஒன்பது பேருக்கு முன்னால் டிக் இல்லை. அச்செடுத்த தாளில் அவர்கள் எங்குமே வரவில்லை. வேறு ஒன்பது பேருக்கு இரண்டு டிக். முதல் பக்கத்திலும் இருக்கிறார்கள், அடுத்து வரும் பக்கத்திலும் இருக்கிறார்கள். அதனால்தான் எண்ணிக்கை மட்டும் 47 என்று ஒத்துப்போயிருக்கிறது. அவர் பேனாவை எடுத்துக் கூட்டிப் பார்த்திருக்காவிட்டால், ஒன்பது குடும்பத்துக்குப் பணம் நின்றுபோயிருக்கும். வேறு ஒன்பது பேருக்கு இரண்டு தடவை போயிருக்கும்.

டேட்டாபேஸில் எந்தப் பிழையும் இல்லை. 47 பேரும் அதில் பத்திரமாக இருந்தார்கள். தப்பு, நான் கேட்ட கேள்வியில் இருந்தது. பக்கம் பக்கமாகப் பட்டியல் காட்டும் எந்த மென்பொருளிலும் இந்தத் தப்பு ஒளிந்திருக்க முடியும் என்பதால், அது எப்படி நடக்கிறது என்று விளக்கமாகச் சொல்கிறேன்.

இரண்டாம் பக்கத்துக்காக நான் எழுதியிருந்த க்வெரி இது:

```
SELECT id, member_no, amount
FROM payments
ORDER BY pay_date DESC
LIMIT 20 OFFSET 20;
```

பட்டுவாடாத் தேதிப்படி, புதியது முதலில் வரும்படி அடுக்கு. முதல் 20 வரியைத் தள்ளிவிட்டு அடுத்த 20 வரியைக் கொடு. இதுதான் அதன் பொருள். படித்தால் குறை எதுவும் கண்ணில் படாது. ஆனால் 47 பேருக்கும் தேதி ஒன்றே. தேதிப்படி அடுக்கு என்றால், அந்த 47 பேருக்குள் யார் முன், யார் பின் என்று நான் சொல்லவே இல்லை. நான் சொல்லாததை டேட்டாபேஸ் தன் வசதிப்படி முடிவு செய்துகொள்ளும். அப்படிச் செய்ய அதற்கு முழு உரிமை உண்டு.

அந்த உரிமை தற்செயலாக வந்ததல்ல. இன்றைய டேட்டாபேஸ்களுக்கு அடித்தளம் போட்ட எட்கர் காட், ஐபிஎம்மில் இருந்தபோது 1970-இல் வெளியிட்ட கட்டுரையிலேயே இதைப் பேசியிருக்கிறார். வரிகள் எந்த வரிசையில் சேமிக்கப்பட்டிருக்கின்றனவோ அதை நம்பி நிரல் எழுதுவது, அன்றைய அமைப்புகளின் பெரிய குறைகளில் ஒன்று என்றார். அவருடைய வடிவத்தில் ஒரு டேபிள் என்பது வரிகளின் கூட்டம். அதற்கு முதல் வரி, கடைசி வரி என்று கிடையாது. கேட்கிறவர்தான் வரிசையைச் சொல்ல வேண்டும். `ORDER BY` என்று ஒன்று இருப்பதே அதற்காகத்தான்.

சரி, வசதிப்படி என்றாலும் ஒரே மாதிரி செய்யக் கூடாதா? பக்கத்துக்குப் பக்கம் ஏன் மாற வேண்டும்? சங்கத்தில் ஓடியது போஸ்ட்கிரெஸ். அதில் என்ன நடந்தது என்பதைப் படிப்படியாகப் பார்க்க முடியும்.

முதலில் ஒன்றை மனதில் வைக்க வேண்டும். ஒரே பட்டியலை அடுக்கி வைத்துக்கொண்டு டேட்டாபேஸ் பக்கம் புரட்டுவதில்லை. முதல் பக்கம் ஒரு தனிக் கேள்வி, இரண்டாம் பக்கம் இன்னொரு தனிக் கேள்வி. ஒவ்வொரு முறையும் ஆரம்பத்திலிருந்து படித்து, அடுக்கி, வேண்டியதை எடுத்துக் கொடுக்கிறது. போன தடவை எப்படி அடுக்கினோம் என்ற நினைவு அதற்கு இல்லை.

முதல் பக்கத்துக்கு 20 வரி போதும். அதற்காகப் பல வருடத்துப் பட்டுவாடா முழுவதையும் அடுக்குவது வீண் வேலை. ஆகவே அது 20 வரி மட்டும் கொள்ளும் ஒரு கூடையை வைத்துக்கொள்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். டேபிளை ஒவ்வொரு வரியாகப் படிக்கும். கூடையில் இருப்பதிலேயே பழைய தேதியை விடப் புதிய தேதி ஒன்று வந்தால் பழையதை வெளியே போட்டுப் புதியதை உள்ளே வைக்கும். சமமான தேதி வந்தால் கண்டுகொள்ளாது. முடிவில் கூடையில் மிஞ்சிய 20 வரிதான் முதல் பக்கம். கடைசிப் பட்டுவாடாவில் முதலில் படிக்கப்பட்ட 20 பேர் அதில் இருப்பார்கள்.

இரண்டாம் பக்கத்துக்கு அதே முறைதான், ஆனால் கூடை 40 வரிக்கு. முதல் 20-ஐத் தள்ள வேண்டும் என்றால் அவை எவை என்று தெரிய வேண்டுமே. இப்போது கடைசிப் பட்டுவாடாவின் 40 பேர் கூடைக்குள் வந்துவிட்டார்கள். கூடைக்குள்ளே அவர்கள் வந்த வரிசையில் உட்கார்ந்திருப்பதில்லை. வரிகளை மேலும் கீழும் இடம் மாற்றிக்கொண்டே இருக்கும் முறை அது. தேதி ஒன்றாக இருப்பவர்கள் அந்த இடமாற்றத்தில் கலைந்துபோவார்கள். அந்தக் கலைந்த 40-இல் முன்னால் இருக்கும் 20-ஐத் தள்ளிவிட்டு மீதியைக் கொடுக்கிறது. தள்ளப்பட்ட 20 பேரும், முதல் பக்கத்தில் நாம் பார்த்த 20 பேரும் ஒரே ஆட்கள் அல்ல. முதல் பக்கத்தில் இருந்த சிலர் மறுபடி இரண்டாம் பக்கத்தில் வருகிறார்கள். அங்கே வர வேண்டியவர்கள் சிலர் தள்ளப்பட்ட கூட்டத்தில் போய்விடுகிறார்கள். மூன்றாம் பக்கத்தின் கூடை 60 வரிக்கு. அங்கே கலைவது இன்னொரு விதம்.

கீழே வந்த மொத்தம் மட்டும் சரியாக இருந்ததற்குக் காரணம், அது பக்கங்களைப் பார்த்துக் கூட்டியதே இல்லை. அது `sum` என்று தனியாகக் கேட்ட கேள்வி. கூட்டலுக்கு வரிசை தேவையில்லை.

இதை நேரில் பார்க்க, க்வெரிக்கு முன்னால் `EXPLAIN ANALYZE` என்று சேர்த்து ஓட்டினால் போதும். `Sort Method: top-N heapsort` என்று ஒரு வரி தெரியும். நான் கூடை என்று சொன்னது அதைத்தான்.

என் வீட்டுக் கணினியில் சோதித்தபோது இது ஏன் பிடிபடவில்லை? நான் சோதனைக்கு வைத்திருந்தது 30 வரி. படித்த வரிகள் கூடையின் அளவைப் போல இரண்டு மடங்கைத் தாண்டினால்தான் போஸ்ட்கிரெஸ் கூடை முறைக்கு மாறும். 30 வரி 40-ஐத் தாண்டவில்லை. அதனால் இரண்டு பக்கத்துக்கும் முழுப் பட்டியலையும் அடுக்கியிருக்கிறது. ஒரே சரக்கு, ஒரே முறை, ஆகவே ஒரே வரிசை. எத்தனை நூறு முறை சோதித்திருந்தாலும் சரியாகத்தான் வந்திருக்கும்.

இன்னொரு குழப்பமும் சங்கத்தில் இருந்தது. பணம் கொடுத்ததும் அக்கா திரையில் "கொடுத்தாச்சு" என்று குறிப்பார். அதன் பிறகு பட்டியலைத் திறந்தால் ஆட்கள் இடம் மாறியிருப்பார்களாம். போஸ்ட்கிரெஸ் ஒரு வரியைத் திருத்தும்போது பழையதன் மேல் எழுதாது. திருத்திய பிரதியை வேறு இடத்தில் எழுதும். அடுத்த முறை டேபிளைப் படிக்கும்போது அந்த வரி வேறு முறையில் எதிர்ப்படும். கூடைக்குள் போகும் வரிசை மாறினால், சம தேதிக்காரர்கள் கலைவதும் மாறிவிடும்.

`ORDER BY` அடியோடு இல்லாத க்வெரிகளில் இதை இன்னும் நேராகக் காணலாம். நேற்று முதலில் வந்த வரி, இன்று திருத்தியபின் கடைசிக்குப் போயிருக்கும். திருத்தமே இல்லாமலும் மாறலாம். 2008-இல் வந்த 8.3 பதிப்பு முதல், ஒரு பெரிய டேபிளை ஏற்கெனவே ஒருவர் படித்துக்கொண்டிருந்தால், அடுத்து வருகிறவரும் அவர் இருக்கும் இடத்திலேயே சேர்ந்துகொண்டு, விட்டுப்போன முன்பகுதியைப் பின்னால் படிக்கிறார். டிஸ்க் வேலை மிச்சம். ஆனால் உங்கள் பட்டியல் நடுவிலிருந்து தொடங்கும். அந்த நேரத்தில் வேறு யார் வேலை செய்கிறார்கள் என்பதைப் பொறுத்து உங்கள் வரிசை மாறும் என்றால், எவ்வளவு தேடினாலும் காரணம் பிடிபடாது.

சரிசெய்தது ஒரே சொல்லில்:

```
ORDER BY pay_date DESC, id DESC
```

தேதி சமமானால் `id` பார். `id` இரண்டு வரிக்கு ஒன்றாக இருக்காது. எனவே எந்த இரண்டு வரியை எடுத்தாலும் எது முன் என்பதற்கு ஒரே விடைதான். கூடை எந்த அளவானாலும் கலைய இடமில்லை.

இங்கே பலர் பெயரைச் சேர்ப்பார்கள். பட்டியல் பார்க்க அழகாக இருக்கும், பிழையும் போய்விட்டதுபோல் தெரியும். எங்கள் சங்கத்தில் லட்சுமி என்று மூன்று பேர். உறுப்பினர் எண்ணும் போதாது. பசும்பாலுக்கு ஒன்று, எருமைப்பாலுக்கு ஒன்று என்று ஒரே ஆளுக்கு ஒரே நாளில் இரண்டு வரி வருவதுண்டு. பெயர்ப்படி வேண்டுமென்றால் தாராளமாகப் போடலாம், கடைசியில் `id` இருந்தாக வேண்டும். தேதிக்கு இன்டெக்ஸ் போட்டதும் சரியாகிவிட்டது என்பவர்களையும் பார்த்திருக்கிறேன். இன்டெக்ஸ் வழியாகப் படிக்கும்வரை சம வரிகள் ஒரே மாதிரி வரும். நாளைக்கு டேட்டாபேஸ் வேறு வழி நல்லது என்று முடிவு செய்தால் பழைய கதைதான்.

உங்கள் மென்பொருளில் இது இருக்கிறதா என்று பார்க்க, அடுக்கும் கட்டத்தை வைத்து இப்படிக் கேட்டால் போதும்:

```
SELECT pay_date, count(*)
FROM payments
GROUP BY pay_date
HAVING count(*) > 1;
```

ஒரு வரி வந்தாலும், அந்தக் கட்டம் மட்டும் வரிசைக்குப் போதாது.

`id` சேர்த்தபின்னும் ஒன்று மிச்சமிருந்தது. அக்கா முதல் பக்கத்தை அச்செடுத்து முடிப்பதற்குள் பக்கத்து மேசையில் ஒருவர் புதிதாக ஒரு வரி சேர்த்தால், எல்லாம் ஓரிடம் கீழே இறங்கும். முதல் பக்கத்தின் கடைசி ஆள் இரண்டாம் பக்கத்தின் முதல் ஆளாக மறுபடி வருவார். இது வரிசையின் குற்றமில்லை, "20-ஐத் தள்ளு" என்று எண்ணிக் கேட்பதன் விளைவு. அதனால் எண்ணுவதை விட்டுவிட்டு, கடைசியாகப் பார்த்த வரியைச் சொல்லி அதற்குப் பின் வருபவற்றைக் கேட்கும்படி மாற்றினேன்:

```
WHERE (pay_date, id) < ('2024-03-15', 8123)
ORDER BY pay_date DESC, id DESC
LIMIT 20;
```

இதற்கும் `id` இல்லாமல் முடியாது. தேதியை மட்டும் சொன்னால் அதே தேதியில் மிச்சமிருக்கும் 27 பேரும் விட்டுப்போவார்கள்.

அடுத்த பட்டுவாடாவுக்கு நானும் போயிருந்தேன். அக்கா மூன்று தாளையும் பதிவேட்டையும் விரித்து, பென்சிலைக் கையில் எடுத்து, முதல் பெயரிலிருந்து ஆரம்பித்தார்.