கோடீன் பலிக்காத தேகங்கள்

இங்கிலாந்தில் உடன்பிறந்த சகோதரிகள் இருவர், சில மாத இடைவெளியில், ஒரே பல் மருத்துவரிடம் ஞானப்பல்லைப் பிடுங்கிக்கொண்டு, வேதனை தணிய ஒரே மாத்திரையை ஒரே அளவில் பெற்றுக்கொண்டு வீடு திரும்பினார்கள் என்று வைத்துக்கொள்வோம். மூத்தவள் மாத்திரையை விழுங்கி ஒரு மணி நேரத்தில் வலி அடங்கி உறங்கிவிடுகிறாள். இளையவளோ குமட்டலும் தலைக்கிறக்கமும் கண்டு, வலி மட்டும் பெரிதாகக் குறையாமல், இரவெல்லாம் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு விழித்திருக்கிறாள். மறுநாள் அவள் மருத்துவரிடம் போய், "இந்த மாத்திரை எனக்கு வேலை செய்யவில்லை, இதைவிடப் பலமானது ஏதாவது கொடுங்கள்" என்று கேட்டால், வலி பொறுக்கத் தெரியாதவள் என்றோ, போதைக்கு ஆசைப்படுகிறவள் என்றோ சந்தேகிக்கப்படும் அபாயம் உண்டு. ஆனால் அவள் சொன்னது அட்சரம் பிசகாத உண்மையாக இருக்கலாம். அதற்கான காரணம் அவளுடைய மனோதைரியத்தில் அல்ல, அவளுடைய ஈரலில் இருக்கிறது.

அந்த மாத்திரையில் இருப்பவை இரண்டு: 30 மில்லிகிராம் கோடீன், 500 மில்லிகிராம் பாரசிட்டமால். இங்கிலாந்தில் இச்சேர்க்கைக்குக் கோ-கோடமால் என்று பெயர். கோடீனை 1832ஆம் ஆண்டில் பாரிஸ் நகரத்து ரசாயன அறிஞர் ராபிக்கே அபினியிலிருந்து முதன்முதலில் பிரித்தெடுத்தார். அதே அபினியிலிருந்து அதற்கு முன்பே பிரிக்கப்பட்டிருந்த மார்ஃபினுக்கும் இதற்கும் அமைப்பில் உள்ள வித்தியாசம் மிகச் சொற்பம். மார்ஃபின் மூலக்கூறின் ஓரிடத்தில் ஒரு கார்பன் அணுவும் மூன்று ஹைட்ரஜன் அணுக்களும் சேர்ந்த மெத்தில் என்னும் சிறு தொகுதி ஒட்டிக்கொண்டிருந்தால் அதுவே கோடீன். சொற்பமான இந்த வித்தியாசம் விளைவில் சொற்பமானதல்ல. மூளையிலும் தண்டுவடத்திலும் வேதனையை அடக்குகின்ற ஏற்பிகளில் மார்ஃபின் இறுகப் பற்றிக்கொள்ள, அதே இடத்தில் கோடீன் பற்றும் வலிமை அதில் ஏறத்தாழ இருநூறில் ஒரு பங்கே. ஆகையால் கோடீன் தன்னளவில் மிக எளிய வலி நிவாரணி. அது சரீரத்துக்குள் சென்று அந்த மெத்தில் தொகுதியை இழந்து மார்ஃபினாக மாறிய பிறகே அதன் காரியம் நடக்கிறது. நெல்லாகவே விழுங்கினால் பசி ஆறாது, உமி நீங்கி அரிசியானால்தான் ஆறும் என்பதைப் போன்றது இது. இவ்விதம் உடலுக்குள் போய் மாறிய பின்னரே பயன் தரும் ஔஷதங்களை வைத்திய சாஸ்திரத்தில் முன்மருந்து என்கிறார்கள்.

அந்த மாற்றத்தைச் செய்வது ஈரலிலுள்ள ஒரு நொதி. அதன் பெயர் சி.ஒய்.பி. 2டி6. இங்கே ஒரு விஷயத்தை நிதானமாகக் கவனிக்க வேண்டும். நாம் விழுங்கும் கோடீன் முழுவதும் இந்த நொதியின் கைக்கு வருவதில்லை. அதன் பெரும்பகுதி வேறு நொதிகளால் வேறு பொருள்களாக மாற்றப்பட்டுச் சிறுநீரில் வெளியேறிவிடுகிறது; சாதாரண மனிதர்களில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பங்கே மார்ஃபினாகிறது. மூத்த சகோதரி இரண்டு மாத்திரைகள், அதாவது 60 மில்லிகிராம் கோடீன் விழுங்கினாள் என்றால், உயர்ந்தபட்சமாக அவளுக்குக் கிட்டியது ஏறக்குறைய 6 மில்லிகிராம் மார்ஃபின் என்று கொள்ளலாம். நிவாரணம் முழுவதும் இந்தச் சிறு பங்கை நம்பியே நிற்கிறபடியால், அந்தப் பங்கும் உண்டாகாத தேகத்தில் கோடீனுக்கு வேலையே இல்லாமற் போகிறது.

அத்தகைய தேகங்கள் உண்டு என்பது தெரியவந்த கதை கோடீனிலிருந்து தொடங்கவில்லை. 1970களின் நடுவில் லண்டன் செயின்ட் மேரீஸ் மருத்துவக் கல்லூரியில் ராபர்ட் ஸ்மித் என்ற ஆராய்ச்சியாளரும் அவருடைய சகாக்களும், டெப்ரிசோகுவின் என்ற ரத்த அழுத்த மருந்து சரீரத்தில் எவ்வாறு மாறுகிறது என்று அறியும்பொருட்டுத் தாங்களே அதை உட்கொண்டார்கள். மற்றவர்களுக்கு ஒன்றும் நேராதிருக்க, ஸ்மித்துக்கு மட்டும் ரத்த அழுத்தம் வெகுவாக இறங்கி நிற்கவும் முடியாமற் போயிற்று. சிறுநீரைச் சோதித்தபோது, சகாக்களின் உடல் மாற்றி வெளியேற்றியிருந்த மருந்தை அவருடைய உடல் ஏறக்குறைய மாற்றாமலே வெளியேற்றியிருந்தது. இந்தக் குறை பரம்பரையாக வருவது என்று அவர்கள் 1977இல் பிரசுரித்தார்கள். ஸ்மித்திடம் இல்லாதிருந்தது இதே 2டி6 நொதிதான். ஒரே குறைபாடு டெப்ரிசோகுவினை உடலில் தேங்கவைத்து மிதமிஞ்சிய பலனையும், கோடீனை மாறாமல் நிறுத்திப் பலனின்மையையும் தருவதை இங்கே காண்கிறோம்.

இந்த நொதியை ஆக்குவதற்கான குறிப்பு இருபத்திரண்டாம் குரோமோசோமிலுள்ள ஒரு மரபணுவில் இருக்கிறது. தாயிடமிருந்து ஒன்றும் தந்தையிடமிருந்து ஒன்றுமாக அதன் இரண்டு பிரதிகள் நமக்கு வாய்க்கின்றன. ஐரோப்பியரிடையே மிகுதியாகக் காணும் குறையில், மரபணுவின் ஆயிரக்கணக்கான எழுத்துகளில் ஒரே ஒரு எழுத்து மாறிப்போவதால், செய்தியை வெட்டி ஒட்டும் கட்டத்தில் பிழை நேர்ந்து, பயனற்ற அரைகுறைப் புரதமே உண்டாகிறது. ஒரு பிரதி கெட்டிருந்தாலும் மற்றது ஓரளவு ஈடுசெய்யும். இரண்டும் கெட்டவர்களுக்குத்தான் நொதி அறவே இல்லை. ஆகவே தாய்க்கும் தந்தைக்கும் தலைக்கு ஒரு கெட்ட பிரதி இருந்தால், அவர்களுக்குக் கோடீன் பலித்திருக்கும். ஆயினும் பிள்ளைகளில் ஒவ்வொருவருக்கும் நாலில் ஒரு பங்கு வாய்ப்பில் அது பலிக்காமற் போகும். நமது சகோதரிகளில் மூத்தவள் இரண்டு நல்ல பிரதிகளையும் இளையவள் இரண்டு கெட்ட பிரதிகளையும் பெற்றது இப்படித்தான். ஐரோப்பிய வம்சத்தாரில் நூற்றுக்கு ஐந்து முதல் பத்துப் பேர் இளையவளைப் போன்றவர்கள். புதுச்சேரி ஜிப்மர் ஆராய்ச்சியாளர்கள் தமிழ் மக்களிடையேயும் இந்த மரபணுவை ஆராய்ந்திருக்கிறார்கள். இங்கே அத்தகையோரின் விகிதம் ஐரோப்பாவைவிடக் குறைவே.

இது வெறும் அனுமானமல்ல என்பதை டென்மார்க் ஆராய்ச்சியாளர்கள் காட்டினார்கள். 1990இல் பிரசுரமான அவர்களுடைய சோதனையில், நொதி உள்ளவர்களையும் இல்லாதவர்களையும் தேர்ந்து, அவர்கள் தோலில் லேசர் கதிரைப் பாய்ச்சி, எந்த உக்கிரத்தில் வலி தொடங்குகிறது என்று கோடீனுக்கு முன்னும் பின்னும் அளந்தார்கள். நொதி உள்ளவர்களுக்கு அந்த எல்லை உயர்ந்தது, இல்லாதவர்களுக்கு உயரவில்லை. பிற்காலத்து மற்றொரு ஆய்வு இன்னும் கசப்பான உண்மையை வெளியிட்டது: மார்ஃபினாக மாற்ற இயலாதவர்களுக்கும் கோடீனின் உபத்திரவங்கள் ஏறத்தாழ மற்றவர்களுக்கு ஒப்பாகவே நேர்கின்றன. நன்மை நீங்கித் தீமை மட்டும் தங்குகிற நிலை இது. இளையவளின் குமட்டலுக்கும் கிறக்கத்துக்கும் விளக்கம் இங்கேதான் கிடைக்கிறது.

இனி அவள் செய்யக்கூடிய பெருந்தவற்றைப் பார்ப்போம். மாத்திரையிலுள்ள பாரசிட்டமாலுக்கு 2டி6 நொதி தேவையில்லையாதலால், அதனால் அவளுக்கு வலி சிறிது தணியும். அந்த அரைகுறை நிவாரணம், 'இன்னும் இரண்டு போட்டால் அடங்கிவிடும்' என்ற எண்ணத்தைத் தூண்டும். ஆனால் எத்தனை கோடீன் உள்ளே போனாலும் மாற்றுவதற்கு நொதி இல்லாத இடத்தில் மார்ஃபின் பெருகாது. வேறு சில ஈரல் நொதிகளைச் சில மருந்துகளால் தூண்டிப் பெருக்கலாம். 2டி6க்கு அந்தச் சுபாவம் கிடையாது. பெருகுவது குமட்டலும் மலச்சிக்கலும். அவற்றோடு பாரசிட்டமாலும் ஏறுகிறது. நாளொன்றுக்கு எட்டு மாத்திரைகள், அதாவது 4 கிராம் பாரசிட்டமால், என்பது வயது வந்தவர்களுக்கு உச்ச வரம்பு. வலி பொறுக்காமல் அதைத் தாண்டுகிறவள் ஈரலையே பழுதாக்கிக்கொள்ள நேரிடும்.

மரபணு செவ்வையாக இருந்தும் இதே துர்ப்பாக்கியம் ஒருவருக்கு நேரலாம். மனச்சோர்வுக்குத் தரும் பராக்சடீன், ஃபுளூவாக்சடீன், புகைப்பழக்கத்தை விடுவதற்கும் தரப்படும் புப்ரோபியான், நகப்பூஞ்சைக்கு உண்ணும் டெர்பினாஃபின், இதயத் துடிப்புக்கான குவினிடின் ஆகியவை 2டி6 நொதியைத் தடுத்துவிடுகின்றன. பராக்சடீன் நெடுநாள் உண்டுவருகிற ஒருவர், மரபணுவின்படி மூத்த சகோதரியாக இருந்தாலும், கோடீன் விஷயத்தில் இளையவளாகிவிடுவார். மரபணுச் சோதனையின் எல்லையும் இதுவே: கன்னத்தின் உட்புறத்தைத் துடைத்தெடுத்தோ ரத்தத்திலிருந்தோ செய்யும் அந்தச் சோதனை பிறவிக் குறையைக் காட்டும்; இன்று காலையில் விழுங்கிய வேறொரு மாத்திரை செய்யும் தடையைக் காட்டாது. அதை அறிய நோயாளியின் மருந்துப் பட்டியலைத்தான் கேட்டுப் பார்க்க வேண்டும்.

எதிர்த்திசையிலும் அபாயம் உண்டு. சிலருக்கு இந்த மரபணு இரண்டுக்கு மேற்பட்ட நல்ல பிரதிகளாகப் பெருகியிருப்பதால் மார்ஃபின் மிகையாக உண்டாகிறது. ஜெனீவா மருத்துவர்கள் 2004இல் விவரித்த 62 வயது நோயாளி ஒருவர், நிமோனியா இருமலுக்காக 25 மில்லிகிராம் வீதம் தினம் மூன்று வேளை கோடீன் உண்டு, நான்காம் நாள் நினைவிழந்தார். லிட்டருக்கு 1 முதல் 4 மைக்ரோகிராம் வரை இருந்திருக்க வேண்டிய மார்ஃபின் அவர் ரத்தத்தில் 80ஆக இருந்தது. கோடீன் வெளியேறும் மற்றொரு பாதையை வேறு மருந்துகள் அடைத்திருந்ததும், சிறுநீரகம் தளர்ந்திருந்ததும் சேர்ந்தே அந்நிலையை உண்டாக்கின. நலோக்சோன் என்ற மாற்று மருந்தால் அவர் மீண்டார். டான்சில் அறுவைக்குப் பின் கோடீன் உண்ட குழந்தைகள் சிலர் மீளவில்லை; அதனாலேயே அமெரிக்க மருந்து நிர்வாகம் 2013இல் கடும் எச்சரிக்கை விடுத்து, 2017இல் பன்னிரண்டு வயதுக்குட்பட்டவர்களுக்குக் கோடீன் கூடாதென்று விதித்தது. ஆகவே, 'பலிக்காவிட்டால் அளவைக் கூட்டு' என்ற பழைய வழக்கம் எந்தப் பக்கமும் நம்பத்தக்கதல்ல.

இளையவளுக்குச் செய்ய வேண்டியது மருந்தை மாற்றுவது. கோடீனைப் போலவே இந்த நொதியை நம்பியிருக்கும் டிராமடாலுக்கு மாற்றுவதில் பிரயோஜனமில்லை. பல் வலிக்கு, வயிற்றுப்புண் முதலிய தடைகள் இல்லாதிருந்தால், ஐபுபுரோஃபென் பெரும்பாலும் போதும். பெரிய அறுவைக்குப் பிறகானால், மாற்றத்துக்குக் காத்திராத மார்ஃபினையே மருத்துவர் சிறு அளவில் நேராகக் கொடுக்கலாம். மார்ஃபின் அவளுக்கு மற்றவர்களைப் போலவே பலிக்கும். அந்த வித்தியாசமே நல்லதொரு அடையாளமுமாகும்: கோடீனும் டிராமடாலும் கைவிட்டு, மார்ஃபின் மட்டும் கைகொடுத்தவர் என்ற சரித்திரம் இருந்தால், மருத்துவர் நோயாளியின் நடத்தையைச் சந்தேகிக்குமுன் நொதியைச் சந்தேகிப்பதே நியாயம். மருந்துத் தடையால் வந்த குறை அந்த மருந்தை நிறுத்தினால் நாளடைவில் நீங்கும். பிறவிக் குறையோ ஆயுள் முழுதும் மாறாதது. ஆகையால் ஒருமுறை தெளிந்த முடிவை ஒவ்வாமையைக் குறிப்பதுபோல நோயாளியின் மருத்துவக் குறிப்பேட்டில் எழுதிவைக்க வேண்டும். உடன்பிறந்த மற்றவர்களுக்கும் இதே வாய்ப்பு இருப்பதால், அவர்கள் அறுவைக்குச் செல்லுமுன் அதை மருத்துவரிடம் சொல்லிவிட வேண்டும்.