புகையைத் தள்ளி நிறுத்தும் காற்று

20 மாடிக் கட்டடத்தில் தீப்பிடித்தால், படிக்கட்டுக்குள் மின்விசிறி காற்றைச் செலுத்தி, வெளியைவிட 50 பாஸ்கல் அழுத்தம் கூட்டும். புகை உள்ளே நுழையாது. மாடிக்கு ஒரு கதவு. மூடியிருந்தாலும் ஒவ்வொன்றின் இடுக்கும் சுமார் 0.01 சதுர மீட்டர், மொத்தம் 0.2. அந்தக் கசிவை ஈடுகட்ட நொடிக்கு 1.2 கன மீட்டர் காற்று போதும்.

ஆனால் ஆட்கள் இறங்கும்போது கதவு திறக்குமே! 2 சதுர மீட்டர் வாசலில் நொடிக்கு 1 மீட்டர் வேகத்தில் காற்று வீச, மேலும் 2 கன மீட்டர் வேண்டும். சிக்கலே இங்கேதான். அவ்வளவு பெரிய விசிறி, எல்லாக் கதவும் மூடியிருக்கையில் அழுத்தத்தை எகிற வைக்கும். 50 பாஸ்கலில் கைப்பிடியருகே தள்ள 5 கிலோ விசை. 200 பாஸ்கலில் 20 கிலோ, கதவை மூடும் ஸ்பிரிங்கின் விசை தனி. வயதானவர்களால் திறக்கவே முடியாது. அதனால் மிகைக் காற்றை வெளியேற்றும் மடல் கட்டாயம் வேண்டும். விசிறியை ஓடவிட்டு, தராசு வைத்துக் கதவைத் தள்ளிப் பார்த்தால் குறை தெரிந்துவிடும்.