ஏற்பு இல்லாத கொடை

புலம்பெயர்ந்த நம்மவர் மத்தியில் காணி உறுதி பற்றிய பேச்சு இரண்டு விதமாகவே நடக்கிறது. ஒன்று, இழந்த மண் குறித்த ஏக்கம். மற்றது, ஊரில் பரப்பு என்ன விலை போகிறது என்ற விசாரணை. உறுதி என்ற அந்தக் கடதாசியில் என்ன எழுதியிருக்கிறது என்பதை வாசிக்கும் வழக்கம் நம்மிடம் குறைவு. ஊரில் ஒரு தொழில்நுட்பக் கல்லூரியில் வணிகச் சட்டம் விரிவுரை செய்தவன் என்ற பழைய கணக்கில், நான் இப்போது வேலை செய்யும் தொழிற்சாலையில் யாராவது ஒருவர் இடைவேளையில் ஏதாவதொரு உறுதியின் படத்தைக் கொண்டுவந்து காட்டுவதுண்டு. அண்மையில் அப்படி வந்த ஒரு நகலை முன்வைத்தே இதனை எழுதுகிறேன்.

யாழ்ப்பாணத்தில் தனியே வசிக்கும் 79 வயதுத் தகப்பன், தனது முதுசக் காணியையும் வீட்டையும் ஐரோப்பாவில் இருக்கும் ஒரே மகளுக்கு நன்கொடையாக எழுத விரும்புகிறார். இரு மகன்மாரும் ஊரில் இருக்கிறார்கள். தான் உயிரோடிருக்கும்வரை வீட்டில் இருக்கவும் தோட்டத்துப் பயனை அனுபவிக்கவுமான சீவிய உரித்தைத் தனக்கு வைத்துக்கொள்கிறார். நொத்தாரிசு எழுதிய நகலில் கொடையாளியின் ஒப்பத்திற்கு இடமிருந்தது, சாட்சிகளுக்கு இடமிருந்தது, மகளின் ஒப்பத்திற்கு இடமே இல்லை. "அப்பா தாறார், நான் வேண்டாமெண்டு சொல்லுவனோ?" என்று அந்தப் பெண் கேட்டார். கேள்வி நியாயமானதுதான். ஆனால் சட்டம் அப்படி யோசிப்பதில்லை.

இலங்கையில் நன்கொடையை ஆள்வது உரோமன் டச்சுச் சட்டம். அதன்படி கொடை என்பது ஒருவரின் செயலல்ல, இருவரின் இணக்கம். தருபவர் தரவேண்டும், பெறுபவர் ஏற்கவேண்டும். ஏற்கப்படாதவரை அது வெறும் முன்வைப்பு மட்டுமே. கொடையாளி அதைத் திரும்ப எடுத்துக்கொள்ளலாம். ஏற்பு அவர் உயிரோடிருக்கும்போதே நிகழவேண்டும் என்பதே பொது விதி. உறுதியில் ஏற்பு எழுதப்படாவிட்டால் எல்லாம் முடிந்துவிட்டது என்றும் பொருளல்ல. பெற்றவர் காணியைக் கைக்கொண்டு ஆட்சி செய்தால் அந்த நடத்தையிலிருந்தே நீதிமன்றம் ஏற்பை ஊகிக்க முடியும். ஆனால் நமது வழக்கை யோசியுங்கள். மகள் வெளிநாட்டில். சீவிய உரித்து இருப்பதால் ஆட்சி தகப்பனிடம். மகள் ஏற்றாள் என்று காட்ட வேலி அடைத்ததோ, வாடகை வாங்கியதோ, ஒன்றுமே இராது. ஆகவே எழுத்திலுள்ள ஏற்பு ஒன்றுதான் அவளுடைய சாட்சியம். தகப்பன் காலமானபின் சகோதரர்கள் கேள்வி எழுப்பினால் விவாதம் இந்த ஒற்றை வரியில்தான் நிற்கும்.

மகளால் அன்றைக்கு ஊரில் நிற்க முடியாவிட்டால் அவள் சார்பில் ஒருவர் ஏற்கலாம். அதற்கு அற்றோர்ணித் தத்துவம் வேண்டும். வழக்கமாக அதனை இலங்கைத் தூதரகத்தில் ஒப்பமிட்டு அனுப்பி, அங்கே பதிவு செய்வார்கள். தூதரக வாசலை மிதிப்பதில்லை என்றிருக்கும் நம்மில் சிலருக்கு இது கசப்பாக இருக்கலாம்; அவர்கள் மகளின் ஊர்ப் பயணத்தோடு உறுதி முடிக்கும் நாளைப் பொருத்திக்கொள்வதே நல்லது. தத்துவத்தில் "என் காரியங்களைப் பார்க்க" என்று பொதுவாக எழுதாமல், இன்ன காணியை இன்னாரிடமிருந்து நன்கொடையாக ஏற்க அதிகாரமளிக்கிறேன் என்று குறிப்பாக எழுதவேண்டும். உறுதியின் வாசகம் இப்படி அமையலாம்:

"என்னுடைய சட்டபூர்வ மகளாகிய மேற்படி நன்கொடை பெறுபவள் மீது நான் கொண்ட அன்பினாலும் பட்சத்தினாலும், கீழே அட்டவணையில் விபரிக்கப்பட்ட ஆதனத்தை, எனது சீவிய உரித்துக்கு உட்பட்டு, மீளப்பெற முடியாத நன்கொடையாக இத்தால் கொடுக்கின்றேன். மேற்படி நன்கொடையை, நன்கொடை பெறுபவளின் அற்றோர்ணியாகிய நான் அவள் சார்பில் நன்றியுடன் ஏற்றுக்கொள்கின்றேன்."

இதில் "சட்டபூர்வ மகள்" என்பது அலங்காரமல்ல. 2014ஆம் ஆண்டின் 38ஆம் இலக்கச் சட்டம் வெளிநாட்டவருக்குக் காணி கைமாறுவதைத் தடுக்கிறது. நெருங்கிய உரித்தாளருக்கு நன்கொடையாகக் கொடுப்பதற்கு விலக்கும் அளிக்கிறது. மகள் பிறநாட்டுப் பிரசையானால் அந்த விலக்கை உறவு தெளிவாக எழுதப்பட்டிருப்பதே தாங்கும். "மீளப்பெற முடியாத" என்ற சொல்லையும் தகப்பன் விளங்கியே ஒப்பமிட வேண்டும். அதன்பின் மனம் மாறினால் இன்னொரு உறுதி எழுதி ரத்துச்செய்ய இயலாது. மகள் பாரதூரமான நன்றிகேடு செய்தாள் என்று நீதிமன்றத்தில் நிரூபிக்கவேண்டும். 2017ஆம் ஆண்டின் 5ஆம் இலக்கச் சட்டம் இதற்கானது.

அடுத்தது விபரணம். நகலில் 1971ஆம் ஆண்டு உறுதியின் வரிகளை அப்படியே பெயர்த்திருந்தார்கள்: வரகு விதைப்பில் 4 பரப்பு 9 குழி, கிழக்கே ஒழுங்கை, மற்ற மூன்று பக்கமும் மூன்று பேரின் காணி. அந்த மூவரும் இன்று உயிரோடில்லை. ஒரு பக்கத்து வேலி யுத்தத்தில் போய்விட்டது. வரகு விதைப்பில் 18 குழி ஒரு பரப்பு, 16 பரப்பு ஓர் ஏக்கர். ஆகவே ஒரு பரப்பு 10 பேர்ச். நமது காணி 45 பேர்ச். நெல் விதைப்பென்றால் 24 பரப்புக்கே ஓர் ஏக்கர். அந்த ஒரு சொல்லை மாற்றி எழுதினால் காணி மூன்றிலொரு பங்கு சுருங்கிவிடும். நில அளவையாளர் அளந்தபோது 42 பேர்ச்தான் வந்தது. இத்தகைய இடத்தில் ஒன்றை மறைத்து மற்றதை எழுதக்கூடாது. பழைய உறுதியின்படி இவ்வளவு, இன்ன திகதிய அளவைப்படத்தின்படி இவ்வளவு என இரண்டையும் எழுதி, எல்லைக்காரரையும் "முன்னர் இன்னாருக்கும் தற்போது அவரின் பிள்ளைகளுக்கும் உரியது" என்று தொடர்புபடுத்தவேண்டும். பழையதும் புதியதும் ஒரே நிலம்தான் என்பதை உறுதியே சொல்லவேண்டும். காணிக்குள் இருக்கும் வீடு, கிணறு, பயன்தரு மரங்கள் என்பனவும், கிணறு பொதுவானால் அதன் பங்கும் நீர்வாய்க்கால் உரிமையும், தனித்தனியே சொல்லப்படவேண்டும்.

கடைசியாகச் சாட்சிகள். 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கட்டளைச் சட்டப்படி கொடையாளியும் நொத்தாரிசும் குறைந்தது இரு சாட்சிகளும் ஒரே நேரத்தில், ஒரே இடத்தில் கூடி ஒப்பமிடவேண்டும். நொத்தாரிசின் எழுதுவினைஞரிடம் பிறகு வந்து ஒப்பமிடும் சாட்சி, சாட்சியல்ல. நொத்தாரிசுக்குக் கொடையாளியை நேரில் தெரியாவிட்டால், சாட்சிகளாவது அவரை அறிந்தவர்களாகவும் நொத்தாரிசுக்குத் தெரிந்தவர்களாகவும் இருக்கவேண்டும். நகலில் அற்றோர்ணியாக நினைக்கப்பட்ட மைத்துனரையே ஒரு சாட்சியாகவும் போட்டிருந்தார்கள். கொடையை ஏற்பவரே அதற்குச் சாட்சியுமாவது வீணான சந்தேகத்திற்கு இடம் கொடுக்கும். அயலில் உள்ள ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவரைச் சாட்சியாக்கும்படி சொன்னேன். 79 வயதுத் தகப்பன் தெளிந்த புத்தியோடு, வாசித்து விளங்கி ஒப்பமிட்டார் என்று நாளைக்கு நீதிமன்றத்தில் சொல்லக்கூடியவர் அவர்.

ஒப்பமிட்டதும் உறுதி காணிப் பதிவகத்துக்குப் போகவேண்டும். பதியாமல் கிடந்தால், பின்னால் அதே காணியைப் பணம் கொடுத்து வாங்கித் தன் உறுதியை முந்திப் பதிந்தவரின் உரிமை மேலோங்கலாம். மகன்மாருக்கு விடயத்தை முன்னரே அறிவித்துவிடும்படியும் தகப்பனிடம் சொல்லச் சொன்னேன். சட்டம் அதைக் கேட்பதில்லை. ஆனால் தகப்பன் உயிரோடிருக்கையில் எழும் கேள்விக்கு அவரே பதில் சொல்லலாம். பிறகு எழும் கேள்விக்கு அந்தக் கடதாசிதான் பதில் சொல்லவேண்டும்.