நாலாவது குச்சி

ஹனோய் கோபுரம் என்ற மூன்று குச்சி விளையாட்டைப் பலரும் ஆடியிருப்பார்கள். முதல் குச்சியில் பெரியது அடியிலும் சிறியது மேலுமாகத் தட்டுகள் இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு தட்டுதான் எடுக்கலாம்; பெரியது சிறியதன் மேல் உட்காரக் கூடாது. அப்படியே எல்லாவற்றையும் இன்னொரு குச்சிக்கு மாற்ற வேண்டும். ஆறு தட்டுகளுக்குக் குறைந்தது 63 நகர்த்தல்கள் தேவை.

நாலாவதாக ஒரு குச்சி நட்டால்? 17 போதும்.

மேலே உள்ள சின்னத் தட்டுகள் மூன்றை முதலில் இரண்டாம் குச்சிக்குக் கொண்டுபோங்கள். மற்ற குச்சிகள் காலியாக இருப்பதால், இரண்டு தட்டுகளைத் தனித்தனிக் குச்சியில் இறக்கிவிட்டு மூன்றாவதை நேராக வைத்துவிடலாம்: ஐந்து நகர்த்தல். இனி இரண்டாம் குச்சியைத் தொட வேண்டாம். அதன் மேல் எந்தப் பெரிய தட்டும் உட்கார முடியாது. மிச்சமுள்ள மூன்று பெரிய தட்டுகளை, மீதி மூன்று குச்சிகளை வைத்துப் பழைய முறையில் கடைசிக் குச்சிக்கு மாற்ற ஏழு. பிறகு சின்ன மூன்றையும் அவற்றின் மேல் ஏற்ற மறுபடி ஐந்து.

கையில் கிடைத்த குச்சியைப் பாதி வழியில் நாமே பூட்டிவிடுகிறோம் என்பதுதான் இதில் வேடிக்கை. எத்தனை தட்டுகளை ஒதுக்குவது என்பதில்தான் சூட்சுமம். மூன்றுக்குப் பதில் இரண்டையோ நான்கையோ ஒதுக்கிப் பாருங்கள், இரண்டிலும் 21 வரும். ஒதுக்குவது குறைந்தால் மூன்று குச்சியில் மாட்டும் பெரிய தட்டுகள் கூடும். அங்கே ஒவ்வொரு தட்டும் வேலையை இரட்டிக்கும். கூடினால், சின்னவற்றை இருமுறை சுமக்கும் செலவு ஏறும்.

ஆங்கிலேயப் புதிர்க்காரர் ஹென்றி டூடனி, 1907-ல் வந்த தம் புத்தகத்தில் இதை நான்கு முக்காலிகளும் சீஸ் கட்டிகளுமாகக் கேட்டார். எட்டுக் கட்டிக்கு 33, பத்துக்கு 49, இருபத்தொன்றுக்கு 321 என்பது விடை. மூன்று முக்காலியில் அந்த இருபத்தொன்று இருபது லட்சத்தைத் தாண்டும்.

1941-ல் ஃபிரேம், ஸ்டூவர்ட் இருவரும் தனித்தனியே இந்த முறையைப் பொதுவாக எழுதினார்கள். ஆனால் ஒரு ஓட்டை இருந்தது. மூன்று குச்சியில் அடித்தட்டு நகர வேண்டுமானால், மற்றவை ஒரே குச்சியில் அடுக்கியிருந்தே ஆக வேண்டும்; வேறு வழியில்லை. நான்கில் அவை இரண்டு குச்சிகளில் எப்படி வேண்டுமானாலும் கலந்து கிடக்கலாம். சின்னவை எல்லாம் ஒன்றாக ஒரே குச்சியில் இருப்பதுதான் சிக்கனம் என்று எடுத்துக்கொண்டார்களே தவிர, நிரூபிக்கவில்லை. கலைந்து கிடப்பது ஒருபோதும் லாபமில்லை என்று எப்படிச் சொல்வது?

2014-ல் தியரி பூஷ் என்ற பிரெஞ்சுக் கணிதர் நிரூபித்தார். அது நான்கு குச்சிக்கு மட்டும். ஐந்தாவதை நட்டால் அதே முறை ஓடும், எண்ணும் கிடைக்கும். அதைவிடக் குறைவாக முடியாது என்பதற்கான பொதுவான நிரூபணம் மட்டும் இன்னும் இல்லை.